தறி ஓட்டிய காதுகளோடு பேசுவது: பிழை நீக்கும் வழிமுறை

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் 20, 30 வருடம் விசைத்தறி ஓட்டியவர்களின் காதில் ஏற்படும் குறை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டு காதும் ஏறக்குறைய சமமாக மந்தமாகும். முதலில் போவது மெல்லிய, கூர்மையான ஒலிகள். ஆ, ஓ, ஊ மாதிரி உயிரொலிகள் நன்றாக விழும். ச, த, ட, க, ப மாதிரி வல்லின ஒலிகள் நழுவிவிடும். பேச்சின் சத்தம் வருகிறது, எழுத்து வருவதில்லை.

கீழே உள்ளவை இந்த வகைக் குறைக்கு எழுதியவை. முதுமையால் வரும் மந்தத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும். எந்த அறிகுறியானாலும் காசு செலவில்லாததை முதலில் பாருங்கள்: பேசுபவர் நிற்கும் இடம், பேசும் விதம், சுற்றுச் சத்தம், பிறகு காது, கடைசியில் காதில் மாட்டும் மெஷின்.

## அறிகுறி 1: "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னு தெரியலை"

முதல் சோதனைக்கு அரை நிமிடம் போதும். 3 அடி தூரத்தில் எதிரே நின்று, முகம் தெரிய, சாதாரணக் குரலில் ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு அதே தூரத்தில் வாயை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு வேறொரு கேள்வி. முதலாவது புரிந்து இரண்டாவது புரியாவிட்டால், அவர் உதட்டைப் பார்த்துத்தான் பாதியை நிரப்பிக்கொள்கிறார். பலருக்குத் தாங்கள் அப்படிச் செய்வதே தெரியாது. அப்படியானால் பாதி வைத்தியம் உங்கள் முகத்தில் இருக்கிறது.

முகம் தெரிகிறதா? அடுப்படியிலிருந்தோ முதுகுப் பக்கமிருந்தோ கூப்பிட்டுப் பேசுவதுதான் மிகப் பொதுவான காரணம். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் வாக்கியத்தின் முதல் பாதி போய்விடுகிறது. பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, அவர் கண் உங்கள் முகத்துக்கு வந்த பிறகு ஆரம்பியுங்கள். கட்டிலில் உட்கார்ந்திருப்பவரிடம் நின்றுகொண்டு பேசினால் அவருக்கு உங்கள் தாடைதான் தெரியும். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் கண் மட்டத்துக்கு வாருங்கள்.

வெளிச்சம் எங்கே? திண்ணையிலும் வாசலிலும் இது அடிக்கடி நடக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவரிடம் வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கிறீர்கள். உங்கள் முகம் அவருக்குக் கறுப்பாகத்தான் தெரியும். உங்கள் நிழல் அவர் மேல் விழுந்தால் நிற்கும் இடம் தப்பு. எதிர்ப் பக்கம் போய் நில்லுங்கள், வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும்.

வாய் மறைகிறதா? வெற்றிலை மென்றுகொண்டு பேசுவது, வாயருகே கை வைப்பது, போனைப் பார்த்துக் குனிவது, மேலுதட்டை மூடிய மீசை. மீசையை எடுக்க வேண்டாம், உதட்டின் மேல் விழும் முடியை மட்டும் கத்தரித்தால் போதும்.

வீட்டுச் சத்தம். டிவி, மிக்சி, கிரைண்டர், காதோரம் ஓடும் டேபிள் ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதே வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். டிவியைக் குறைப்பதும் நிறுத்துவதும் ஒன்றல்ல. குறைத்த டிவியும் பேச்சுக் குரல்தான், அது உங்கள் குரலோடு போட்டி போடும். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள பெரிய ஹாலில் எதிரொலி எழுத்துகளைக் கலக்கிவிடும். மெத்தை, துணிமணி உள்ள சின்ன அறை அதைவிட மேல். தெரு அமைதியாக இருந்தால் வாசல் இன்னும் மேல்.

காதுக் குறும்பி. மந்தம் சில நாட்களுக்குள் கூடியதென்றால், அதுவும் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு "காது அடைச்ச மாதிரி இருக்குது" என்றால், தண்ணீர் பட்டுக் குறும்பி உப்பியிருக்கலாம். கொண்டை ஊசி, பட்ஸ், காய்ச்சிய எண்ணெய் எதுவும் வேண்டாம். பட்ஸ் குறும்பியை உள்ளேதான் தள்ளும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குப் போகும். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துச் சில நிமிடத்தில் எடுத்துவிடுவார். இவ்வளவும் செய்து பலன் இல்லாவிட்டால்தான் கேட்புச் சோதனை.

## அறிகுறி 2: சத்தமாகச் சொன்னால் "ஏன் கத்தறே?" என்கிறார், மெதுவாகச் சொன்னால் "என்ன?" என்கிறார்

வீட்டில் சண்டையாகிற இடம் இதுதான். அவர் வேண்டுமென்று செய்வதாக வீட்டார் நினைப்பார்கள். உண்மையில் இந்த வகைக் காதுக்கு மெல்லிய ஒலி எட்டாது, கொஞ்சம் கூடினால் உடனே உறைக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் குறுகலானது. அந்த இடத்தில் பேசப் பழக வேண்டும்.

கத்தும்போது கூடுவது உயிரொலிதான். அவருக்கு விழாத ச, த, க அந்த அளவுக்குக் கூடுவதில்லை. கூடவே உதடு கோணும், முகம் கோபமாகத் தெரியும், உதட்டைப் படிப்பதும் கெடும்.

குரலைக் கூட்டுவதற்குப் பதில் தூரத்தைக் குறையுங்கள். 6 அடியிலிருந்து 3 அடிக்கு வந்தால், குரலை மாற்றாமலே உங்கள் ஒலியின் அழுத்தம் அவர் காதில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சுற்றியுள்ள சத்தம் அப்படியேதான் இருக்கும், ஆகவே லாபம் முழுதும் பேச்சுக்கு. 3 முதல் 4 அடி சரியான தூரம். காதோடு வாய் வைத்துப் பேசினால் முகம் மறைந்துவிடும். வேறு வழியில்லாத இரைச்சலில் மட்டும் அதைச் செய்யுங்கள், அங்கும் கத்தாமல்.

வேகம் பற்றி ஒன்று. "மெதுவாகப் பேசு" என்றதும் பலர் எழுத்தை இழுப்பார்கள்: "சாஆஆப்... பிஇஇட்...". இழுத்தால் வார்த்தையின் வடிவம் போய்விடும். வார்த்தையைச் சாதாரணமாகச் சொல்லி, நாலைந்து வார்த்தைக்கு ஒரு இடைவெளி விடுங்கள், ஒரு மூச்சு இழுக்கிற அளவு. அந்த இடைவெளியில்தான் அவர் விட்டதை நிரப்பிக்கொள்கிறார்.

## அறிகுறி 3: எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார், பிறகு நேர்மாறாகச் செய்கிறார்

"சொன்னேனுங்க, சரின்னாருங்க" என்று வீட்டார் சொல்வார்கள். சொன்னதும் உண்மை, சரி என்றதும் உண்மை. ஆனால் "சரி" என்பதற்கு "கேட்டது" என்று மட்டும்தான் பொருள், "புரிந்தது" என்றல்ல. மூன்றாவது தடவை "என்ன?" என்று கேட்கக் கூச்சப்பட்டு அவர் தலையாட்டிவிடுகிறார்.

நேர்மாறாகச் செய்வதற்கு நம் பேச்சில் ஒரு தனிக் காரணம் உண்டு. தமிழில் "இல்லை", "மாட்டேன்", "கூடாது" எல்லாம் வாக்கியத்தின் வாலில் வருகின்றன. வாலில்தான் குரலும் தணிகிறது, மூச்சும் தீர்கிறது. "வர்றாருங்க", "வரலீங்க" என்ற இரண்டிலும் ஆரம்பம் ஒன்று, கடைசி "ங்க"வும் ஒன்று. வித்தியாசம் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தேய்ந்த காதுக்கு அது எட்டாது.

ஒரு வாக்கியத்தை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். மருமகள் அடுப்படியிலிருந்து, மிக்சி ஓட, சொல்கிறார்:

"மாமா, சாயங்காலம் கரண்ட் இருக்காதாமுங்க, மோட்டார இப்பவே போட்டு உட்ருங்க."

மாமனார் காதில் விழுந்தது "சாயங்காலம் கரண்ட் இருக்குதாம், மோட்டார்..." என்ற அளவு. அவர் சரி என்று தலையாட்டி, சாயங்காலம் மோட்டார் போடலாம் என்று இருந்துவிடுகிறார். தொட்டி காலி. இதில் நாலு பிழை: முகம் இல்லை, மிக்சி ஓடுகிறது, இரண்டு செய்தி ஒரே மூச்சில், மறுப்பு வாலில். சரிசெய்த பிறகு அது இப்படி ஆகும்:

மிக்சியை நிறுத்தி, முன்னால் வந்து, தோளைத் தொட்டு, "மாமா, கரண்ட் விசயமுங்க." இடைவெளி. இப்போது எதைப் பற்றிய பேச்சு என்று தெரிந்துவிட்டதால் அடுத்த வார்த்தைகளை அவரால் பாதி ஊகிக்க முடியும்.

"இன்னிக்குக் கரண்ட் கட்டுங்க. சாயங்காலம் கட்டு." இருக்காதாம் என்ற மறுப்பு போய், நேரான ஒரு சொல் வந்துவிட்டது. கூடவே கையால் இல்லை என்று காட்டலாம்.

"மோட்டார் இப்பப் போடோணுமுங்க."

பிறகு சோதனை. "புரிஞ்சுதுங்களா?" என்று கேட்கக் கூடாது, அதற்கும் தலையாட்டல்தான் வரும். "மோட்டார் எப்பப் போடறீங்க மாமா?" என்று கேளுங்கள். "இப்பத்தான்" என்று பதில் வந்தால் செய்தி போய்ச் சேர்ந்தது. "சாயங்காலம்" என்றால் எங்கே உடைந்தது என்று உடனே தெரிந்துவிடும். ஆமாம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியைச் சோதனைக்கு வைக்காதீர்கள்.

மாத்திரை விசயத்தில் இது இன்னும் கவனமாக இருக்க வேண்டும். "இதச் சாப்பிடக் கூடாதுங்க" என்பதில் பெரிதாகக் கேட்பது "சாப்பிட". "வேண்டாமுங்க. இந்த மாத்திரை வேண்டாம்" என்று மறுப்பை முன்னால் போட்டு, மாத்திரையைக் கையில் எடுத்து, தள்ளி வையுங்கள்.

## அறிகுறி 4: ஒரு வார்த்தை மட்டும் எத்தனை தடவை சொன்னாலும் ஏறவில்லை

ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை அதையே சொல்லாதீர்கள், வார்த்தையை மாற்றுங்கள். அவர் காதில் இல்லாத ஒலியில் அந்த வார்த்தை அமைந்திருந்தால் பத்து தடவை சொன்னாலும் அது விழாது.

உதட்டிலும் ஏமாற்றம் உண்டு. ப, ம இரண்டும் பார்க்க ஒன்று. "பாவு வந்திருச்சு", "மாவு வந்திருச்சு" என்பவற்றைக் கண்ணாடி முன்னால் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் தெரியாது. க, ட, ள, ண எல்லாம் வாய்க்குள்ளேயே நடக்கின்றன, வெளியே ஒன்றும் தெரியாது. ஆகவே "பாவு" ஏறாவிட்டால் "தறிக்கு நூல் வந்திருச்சு" என்று மாற்றுங்கள்.

ஊர்ப் பேரை மாற்ற முடியாது. அதற்குத் துணை கொடுக்கலாம்: "பள்ளிபாளையம். ஈரோட்டுக்கு ஆத்துக்கு அக்கட்டா." ஆள் பேருக்கு உறவு முறையையோ தொழிலையோ முன்னால் வையுங்கள்.

எண்தான் மிகக் கஷ்டம். இருபது, அறுபது, எழுபது எல்லாம் ஒரே வாலோடு முடிகின்றன. "ஆறு, சைபர்" என்று தனித்தனியாகச் சொல்லி விரலையும் காட்டுங்கள். கூலி, வட்டி, மாத்திரை வேளை, பஸ் நேரம் என்றால் வாயை நம்ப வேண்டாம். காலண்டர் தாளின் பின்புறம் பெரிதாக எழுதிக் கொடுங்கள். இதில் தோல்வி ஒன்றுமில்லை. நன்றாகக் கேட்பவர்களும் போன் நம்பரை எழுதித்தான் வாங்குகிறார்கள்.

## அறிகுறி 5: வீட்டில் சமாளிக்கிறார், குடோனிலும் மண்டபத்திலும் ஒன்றும் புரியவில்லை

தறிக்குடோன். கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச முடிகிறது என்றால் அந்த இடத்தின் சத்தம் ஏறக்குறைய 85 டெசிபல் அல்லது அதற்கு மேல். தறி ஓடும் குடோன் அதைத் தாண்டிவிடும். பேசுவதற்காகப் பக்கத்துத் தறி ஒன்றை நிறுத்துவது வீண்; 8 தறியில் 4 நிறுத்தினாலே குறைவது 3 டெசிபல்தான். முக்கியமான பேச்சென்றால் வெளியே கூட்டிப் போங்கள், கதவைச் சாத்துங்கள்.

உள்ளேயே சொல்ல வேண்டியவை சில தான்: தறியை நிறுத்து, நூல் அறுந்திருக்குது, போன் வந்திருக்குது, ஓனர் கூப்பிடறார், டீ. இவற்றுக்குக் கைச்சாடை வைத்துக்கொள்ளுங்கள். பழைய தறிக்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கும், புதிதாக வருபவருக்கு முதல் நாளே காட்டிவிடுங்கள். ஆபத்தைக் குரலில் சொல்ல முயலாதீர்கள். தறியில் கை வைத்திருப்பவரைப் பின்னாலிருந்து தொடவும் கூடாது, திடுக்கிட்டுக் கை உள்ளே போகலாம். அவர் பார்வைக்குள் போய் நின்று கையை ஆட்டுங்கள். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் சுவிட்சை அணையுங்கள்.

காதடைப்பான் போட்டுக்கொண்டு பேசுகிறவர் தம் குரல் தமக்குள்ளேயே முழங்குவதால் தம்மை அறியாமல் மெதுவாகப் பேசுவார். எதிரில் இருப்பவருக்குக் கேட்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கழற்றச் சொல்லாதீர்கள், குரலைக் கூட்டச் சொல்லுங்கள்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் காதில் "ஙொய்" என்ற இரைச்சலும் கூடுதல் மந்தமும் சில மணி நேரம் இருக்கும். பணக் கணக்கு, கல்யாணப் பேச்சு எல்லாம் அந்த நேரத்தில் வேண்டாம்.

மண்டபம். நாதஸ்வரம், தவில், ஸ்பீக்கர் பாக்ஸ், நூறு பேர் பேச்சு. அவர் முதுகு சுவருக்கு வரும்படி, ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி ஒரு மூலையில் நாற்காலி போடுங்கள். ஒரு காது கொஞ்சம் தேவலை என்றால் அந்தப் பக்கம் உட்காருங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் பேச வேண்டும். பேச்சு வேறு விசயத்துக்குத் தாவும்போது, "இப்பப் பெரியப்பன் வீட்டுச் சீர் பத்திப் பேசறோமுங்க" என்று ஒரு வரி சொல்லிவிட்டால் போதும், மீதியை அவரே பிடித்துக்கொள்வார். அது இல்லாவிட்டால் கால் மணி நேரம் சும்மா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

## அறிகுறி 6: போனில் மட்டும் சுத்தமாகக் கேட்கவில்லை

சாதாரணப் போன் அழைப்பு மெல்லிய கூரிய ஒலிகளைப் பெரும்பாலும் அனுப்புவதே இல்லை. ஏற்கெனவே இல்லாததை அதுவும் வெட்டிவிடுகிறது, முகமும் தெரியவில்லை. செலவில்லாத வழி வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு. பேசுபவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, போனை முகத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும். அதிலும் எண் வந்தால் கூடவே டைப் செய்து அனுப்புங்கள்.

காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் போட்டிருப்பவர் போனைக் காதுத் துளையில் வைத்தால் கேட்காது. மைக் இருப்பது மேலே, காது மடலின் உச்சியில். போனை அங்கே சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி 7: மெஷின் போட்டும் கேட்கவில்லை

முதலில் பேட்டரி. மெஷினைக் கழற்றி, ஆன் செய்து, உள்ளங்கையில் மூடிப் பிடியுங்கள். கீச்சென்று விசிலடித்தால் உயிர் இருக்கிறது. புதிய வகைகள் சில விசிலை அடக்கிவிடும், ஆகவே விசில் வராததை மட்டும் வைத்துப் பழுது என்று முடிவு செய்ய வேண்டாம். பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் உள்ளே போடாமல் ஒரு நிமிடமாவது காற்றுப் பட வைத்திருங்கள். அந்தப் பேட்டரி காற்றில்தான் வேலை செய்கிறது. ஸ்டிக்கர் உரித்துவிட்டால் போடாமல் வைத்திருந்தாலும் தீர்ந்துபோகும்.

அடுத்து அடைப்பு. காதில் நுழையும் முனையில் குறும்பி இருந்தால் கொடுத்திருக்கும் சின்னத் தூரிகையால் துடைக்கவும். குழாயில் வியர்வைத் துளி நின்றாலும் ஒலி நிற்கும். ராத்திரி கழற்றிப் பேட்டரிக் கதவைத் திறந்து வைத்து, ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போடுங்கள். காதில் இருக்கும்போதே விசிலடித்தால் காதுத் துளைக்குள் பொருந்தும் அச்சு சரியாக உட்காரவில்லை, அல்லது காதுக்குள் குறும்பி.

இவை எல்லாம் சரியாக இருந்தும் "சத்தம் வருது, புரியலை" என்றால் அது பழுதல்ல. மெஷினுக்கு 6 அடிக்கு மேல் பலன் வேகமாகக் குறையும். முகம், தூரம், இடைவெளி எல்லாம் மெஷின் போட்ட பிறகும் வேண்டும். கடையில் எடுத்துக் கொடுத்த மெஷினை அவர் காதின் அளவுக்குத் திருத்தாமல் போட்டிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். கேட்பியல் நிபுணரிடம் சோதனைத் தாளோடு போய்த் திருத்தி வாங்குங்கள்.

## எப்போது மருத்துவரிடம் போவது

அன்றைக்கே: ஒரு காது திடீரென்று, சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ கேட்காமல் போவது. குறும்பியாக இருக்கும் என்று வைத்திருக்கக் கூடாது. உள்காதுக் கோளாறாக இருந்தால் ஸ்டீராய்டு மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால்தான் திரும்பக் கிடைக்க வாய்ப்பு. நாள் கடந்தால் வாய்ப்புக் குறையும். அதோடு தலை சுற்றல், முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சுக் குளறுவது சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு.

அந்த வாரத்துக்குள்: காதில் சீழ், வலி, ரத்தம், ஒரு காதில் மட்டும் இரைச்சல், இரண்டு காதுக்கும் பெரிய வித்தியாசம். தறிச் சத்தத்தால் வரும் மந்தம் பொதுவாக இரண்டு பக்கமும் வரும். ஒரு பக்கம் மட்டும் என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

நேரம் பார்த்து: மற்றபடி கேட்புச் சோதனைக்கு ஷிப்ட் முடிந்த கையோடு போகாதீர்கள். கடைசியாகக் குடோனில் இருந்து 16 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தற்காலிக மந்தமும் சேர்ந்து குறை அதிகமாகக் காட்டும். லீவு முடிந்த நாள் காலை, வேலைக்குப் போவதற்கு முன்னால் சரியாக இருக்கும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. சோதனைத் தாளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அரசு வழியில் மெஷின் கேட்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். கூட ஒருவர் போங்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து அலுவலர் குனிந்தபடி பேசும்போது, "கொஞ்சம் நிமிந்து இவரப் பாத்துச் சொல்லுங்க சார்" என்று கேட்பது கூடப் போனவரின் வேலை.